படமே போகல... ஆனா விளக்கம் மட்டும் எப்படி வந்தது? ஏஐ 'பார்க்காமலே பார்க்கும்' கதை

பெங்களூருவில் வேலை பார்க்கும் ஒரு இளைஞரை வைத்துக்கொள்வோம். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை. ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து தங்கை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். மெட்ரோவில் போய்க்கொண்டே இவர் அந்தப் படத்தை ஒரு ஏஐ சாட்பாட்டில் போட்டு, "அம்மாவோட பிளட் ரிப்போர்ட் இது. 58 வயசு, சுகர் இருக்கு. கன்ட்ரோல்ல இருக்கா, பயப்படணுமா?" என்று டைப் செய்து அனுப்புகிறார். சுரங்கப்பாதை, சிக்னல் இல்லை. எழுத்து மட்டும் போய்ச் சேர்கிறது. படம் போகவில்லை. அதை அவர் கவனிக்கவில்லை.

சில நொடிகளில் பதில் வருகிறது. வெறும் வயிற்றில் சர்க்கரை 142, மூன்று மாத சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி 7.8, கிரியேட்டினின் இயல்பு, கொழுப்பு சற்று அதிகம், பயப்பட வேண்டாம், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது சொல்லுங்கள் என்கிறது. இவரும் நிம்மதியாக போனைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்கிறார்.

தங்கையின் கையில் இருக்கும் காகிதத்தில் ஹெச்பிஏ1சி 10.4 என்று இருந்தால்? 7.8 என்பது 'கொஞ்சம் கவனிக்கணும்' ரகம். 10.4 என்பது இந்த வாரமே டாக்டரைப் பார்த்து மருந்தை மாற்ற வேண்டிய ரகம். ஒரு படம் போய்ச் சேராததால் வந்த வித்தியாசம் இது. சரியாகச் சொன்னால், படம் வரவில்லை என்று சொல்லாததால் வந்த வித்தியாசம்.

இந்த இளைஞர் கற்பனை. ஆனால் பார்க்காத படத்தைப் பார்த்ததுபோல விவரிக்கும் பழக்கம் கற்பனை அல்ல. படம் பார்க்கும் ஏஐ கருவிகளை உருவாக்குபவர்கள் பல ஆண்டுகளாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் பிரச்சினை இது.

அந்த 142 எங்கிருந்து வந்தது?

நீங்கள் அனுப்பும் படத்தைக் கருவி நம்மைப்போலக் கண்ணால் பார்ப்பதில்லை. படம் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டமும் எண்களின் வரிசையாக மாறுகிறது. அந்த எண்களும், நீங்கள் டைப் செய்த சொற்களும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து நிற்கும். அந்த முழு வரிசையையும் வைத்து, அடுத்து வர அதிக வாய்ப்புள்ள சொல் எது என்று மாடல் கணிக்கிறது. பிறகு அதற்கடுத்த சொல். இப்படித்தான் பதில் உருவாகிறது.

படம் வரவில்லை என்றால் வரிசையில் ஒரு பகுதி இருக்காது, அவ்வளவுதான். மீதி இருப்பது உங்கள் வாக்கியம். அதில் '58 வயசு', 'சுகர்', 'பிளட் ரிப்போர்ட்', 'கன்ட்ரோல்' எல்லாம் இருக்கின்றன. இணையத்தில் கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்த ஒரு மாடலுக்கு, இப்படிப்பட்ட ஒருவரின் ரிப்போர்ட் வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரியும். 142, 7.8 எல்லாம் அப்படி வந்தவை. அந்த எண்கள் அம்மாவுடையவை அல்ல. அதே வயதில், அதே நோயோடு இருக்கும் 'யாரோ ஒருவருடையவை'. அதனால்தான் அவை இவ்வளவு நம்பும்படி இருக்கின்றன. ஹெச்பிஏ1சி 34 என்று வந்திருந்தால் இவரே சிரித்திருப்பார்.

சில நேரம் ஃபைலின் பெயர் மட்டும் போய்ச் சேரும். `lipid_profile_report.jpg` என்று பெயர் இருந்தால் அதுவே போதும், கொழுப்பு அளவுகள் வரிசையாக வந்து விழும். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு புள்ளிகூட மாடல் பார்த்திருக்காது.

படமே இல்லாமல் இவ்வளவு 'சரியாக' ஊகிக்க முடியுமா என்று கேட்டால், முடியும். 2017-ல் யாஷ் கோயல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதை எண்களோடு காட்டினார்கள். படத்தைக் காட்டிக் கேள்வி கேட்கும் ஒரு பிரபலமான பயிற்சித் தொகுப்பை எடுத்துக்கொண்டார்கள். அதில் 'படத்தில் இது தெரிகிறதா?' என்று தொடங்கும் கேள்விகளுக்குப் படத்தைத் திறக்காமலே 'ஆமாம்' என்று மட்டும் சொல்லிக்கொண்டே போனால் 87 சதவீதம் சரி. 'எந்த விளையாட்டு?' என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு 'டென்னிஸ்' என்றால் 41 சதவீதம் சரி. 'எத்தனை?' என்றால் 'இரண்டு', 39 சதவீதம் சரி.

காரணம் எளிது. மனிதர்கள் படத்தில் இருக்கும் பொருளைப் பற்றித்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். பூனையே இல்லாத படத்தைக் காட்டி 'பூனை தெரிகிறதா?' என்று யார் கேட்பார்கள்? இதைக் கற்றுக்கொண்ட மாடலுக்கு, கேள்வியே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. அந்த ஆய்வாளர்கள் செய்த மாற்று ஏற்பாடும் சுவாரசியமானது. ஒரே கேள்விக்கு, கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும் ஆனால் வேறு விடை தரும் இரண்டு படங்களைச் சேர்த்தார்கள். அப்போதுதான் படத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வரும்.

பார்க்காத வாத்தியார் சொல்லிக்கொடுத்த பாடம்

இன்னொரு காரணம் பயிற்சியிலேயே இருக்கிறது. 2023 ஏப்ரலில் வெளியான 'லாவா' என்ற மாடல், படத்தைப் பற்றி உரையாடும் திறந்த மாடல்களுக்கு ஒரு தொடக்கப்புள்ளி. அதற்குப் பாடம் சொல்ல சுமார் 1,58,000 உரையாடல் மாதிரிகள் தேவைப்பட்டன. அவற்றை எழுதியது எழுத்தை மட்டும் படிக்கக்கூடிய ஜிபிடி-4. படங்களுக்கு மனிதர்கள் முன்பே எழுதியிருந்த சிறு விளக்கங்களையும், எந்தப் பொருள் எந்த இடத்தில் இருக்கிறது என்ற குறிப்புகளையும் அதற்குக் கொடுத்தார்கள். படத்தைப் பார்க்காமலே, பார்த்தவர்போல உரையாடல் எழுதச் சொன்னார்கள்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அன்றைக்கு இருந்த வசதியில் அது புத்திசாலித்தனமான வழிதான். ஆனால் அந்தப் பாடத்தில் என்ன இல்லை என்று பாருங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு படம் உண்டு, ஒவ்வொரு கேள்விக்கும் விடையும் உண்டு. 'படம் வரவில்லை', 'இது மங்கலாக இருக்கிறது, படிக்க முடியவில்லை' என்று சொல்ல வேண்டிய சூழ்நிலையையே பார்க்காத மாணவன், பரீட்சையில் அப்படிச் சொல்லவே மாட்டான். அதே ஆண்டில் வேறு ஆய்வாளர்கள் படத்தில் இல்லாத பொருளைப் பற்றிய கேள்விகளையும் வேண்டுமென்றே பயிற்சியில் கலந்து பார்த்தார்கள். புளுகு குறைந்தது. 'இல்லை' என்று சொல்லக் கற்றுக்கொடுத்தால் கற்றுக்கொள்கிறது என்பதுதான் அதில் தெரிந்த விஷயம்.

பரீட்சை என்றதும் டிஎன்பிஎஸ்சி எழுதியவர்களுக்கு ஒன்று ஞாபகம் வரும். விடைத்தாளில் ஏ, பி, சி, டி தவிர 'ஈ' என்று ஒரு வட்டம் உண்டு. விடை தெரியவில்லை என்று அர்த்தம். அதை மனசார நிரப்புகிறவர்கள் எத்தனை பேர்? தப்பாக எழுதினாலும் பூஜ்யம், 'ஈ' போட்டாலும் பூஜ்யம். அப்புறம் ஏன் விடணும், ஏதாவது ஒன்றைக் கருப்பாக்குவோம் என்றுதான் தோன்றும். (அந்த வட்டம் வந்தது முறைகேட்டைத் தடுக்க. அது வேறு கதை.)

ஏஐ மாடல்களை அளக்கும் தேர்வுகளும் பெரும்பாலும் இப்படித்தான். சரி என்றால் ஒரு மதிப்பெண், தப்பு என்றால் பூஜ்யம், தெரியாது என்றாலும் பூஜ்யம். 2025 செப்டம்பரில் ஓபன்ஏஐ ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை இதையே மையமாக வைத்துப் பேசியது. மதிப்பெண் முறை ஊகத்துக்குப் பரிசு கொடுக்கிறது, அதனால் மாடல் ஊகிக்கிறது, 'தெரியாது' என்பதைவிடத் துணிந்த தவறுக்கு அதிக அபராதம் வைக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. குணத்தைத் திருத்துவதற்கு முன் மார்க் போடும் முறையைத் திருத்த வேண்டும்.

தப்பைக் கண்டுபிடிக்கவே முடியாதவர் யார்?

நம்மிடம் போட்டோ இருக்கிறது. சந்தேகம் வந்தால் திறந்து பார்க்கலாம். பார்வையற்ற ஒருவருக்கு? அவர் படத்தை விவரிக்கச் சொல்வதே பார்க்க முடியாததால்தான். சரிபார்க்க இரண்டாவது வழி அவரிடம் இல்லை. அதனால் இந்தப் பிரச்சினையின் முழு எடையும் முதலில் அவர்கள்மீதுதான் விழுந்தது. அவர்களிடமிருந்துதான் நமக்குப் பாடமும் கிடைத்தது.

டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் யோர்கன் வைபர்க் என்ற பார்வைக் குறைபாடு உள்ளவர் தொடங்கியது 'பீ மை ஐஸ்' செயலி. 2015-ல் வெளியானது. பார்வையற்றவர் வீடியோ அழைப்பு போடுவார். எங்கோ இருக்கும் தன்னார்வலர் ஒருவர் பார்த்து, 'அது பால் பாக்கெட்தான், தேதி முடியல' என்று சொல்வார். 2023-ல் ஜிபிடி-4-ன் துணையோடு இதில் ஏஐ விளக்கம் சேர்க்கப்பட்டது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை சுமார் 200 பேர் சோதித்தார்கள். செப்டம்பருக்குள் அது 16,000 பேராக வளர்ந்து, ஒரு நாளுக்கு சராசரியாக 25,000 விளக்கங்கள் கேட்கப்பட்டன.

அந்த மாதம் ஓபன்ஏஐ வெளியிட்ட அறிக்கையிலேயே பிரச்சினையும் பதிவாகியிருக்கிறது. ஹோட்டல் மெனு கார்டில் இல்லாத ஓர் உணவை, இருப்பதாக உறுதியான குரலில் மாடல் சொல்லிவிடும் என்பது அதில் உள்ள ஓர் உதாரணம். மருந்துச் சீட்டு படிக்க, அலர்ஜி உண்டாக்கும் பொருள் இருக்கிறதா என்று உணவுப் பொட்டலத்தின் பட்டியலைப் பார்க்க, சாலையைக் கடக்க இதை நம்ப வேண்டாம் என்று சோதனையாளர்களிடம் சொல்லப்பட்டது. அதாவது எங்கே உதவி அதிகம் தேவையோ, அங்கேயே 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டிய நிலை.

அதற்கும் முன்பு, 2017-ல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழு, சமூக ஊடகப் படங்களுக்குக் கணினி எழுதும் விளக்கங்களைப் பார்வையற்றவர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்தது. கிடைத்த முடிவு கொஞ்சம் கலங்க வைப்பது. பதிவில் எழுதியிருப்பதும் படத்துக்கான விளக்கமும் ஒத்துப்போகாதபோது, பலர் விளக்கத்தைச் சந்தேகப்படவில்லை. இரண்டையும் இணைக்கும்படி நடுவில் ஒரு கதையைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். கணினி ஒரு பொய்யைச் சொன்னால், அதற்கு முட்டுக்கொடுக்கும் வேலையை மனிதமனமே செய்துவிடுகிறது. நம் பெங்களூரு இளைஞரும் இதையேதான் செய்வார். 'போன தடவை 9 இருந்துச்சே, இப்ப 7.8-ஆ? அம்மா ஒழுங்கா மாத்திரை சாப்பிடுறாங்க போல' என்று காரணத்தை அவரே கண்டுபிடித்துவிடுவார்.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. விளக்கம் எழுதப்படும் விதத்தை மாற்றி, சரியாக இருக்கும் வாய்ப்பைவிடத் தவறாக இருக்கும் வாய்ப்பை முன்னால் வைத்துச் சொன்னபோது, மக்கள் முட்டுக்கொடுப்பதைக் குறைத்தார்கள். விளக்கமே தப்பாக இருக்கலாம் என்று யோசித்தார்கள். சொல்லும் தொனி மாறினால், கேட்பவர் தன் சொந்த அறிவைப் பயன்படுத்துகிறார்.

2016 ஏப்ரலில் ஃபேஸ்புக் அறிமுகப்படுத்திய தானியங்கிப் பட விளக்கம் இந்த வகையில் ரொம்பவே அடக்கமானது. 'படத்தில் இருக்கலாம்: மூன்று பேர், புன்னகை, வெளியிடம்' என்ற மாதிரிதான் பேசும். சுமார் 100 பொருட்களைத்தான் அதற்கு அடையாளம் தெரியும். குறைந்தது 80 சதவீதம் சரியாக வரும் என்று உறுதியான பொருட்களை மட்டுமே சொல்ல விட்டார்கள். கேட்க போர் அடிக்கும். உண்மைதான். ஆனால் அந்த 'இருக்கலாம்' என்ற ஒரு சொல், எவ்வளவு நம்பலாம் என்ற அளவுகோலையும் கையில் கொடுத்துவிட்டது. இன்றைய மாடல்கள் சட்டையின் நிறம், சுவரில் மாட்டிய காலண்டர், முகத்தின் சோர்வு வரை சிறுகதைபோலச் சொல்கின்றன. பார்த்துச் சொன்ன வரியும் ஊகித்துச் சொன்ன வரியும் ஒரே நடையில், ஒரே நம்பிக்கையோடு வருகின்றன.

நம்பிக்கை உடைவது இந்த இடத்தில்தான். ஒரு கருவி பத்து விளக்கத்தில் ஒன்றைப் புளுகினால், மீதி ஒன்பது நமக்குப் பயன்படும் என்று நினைப்போம். எது அந்த ஒன்று என்று தெரியாதபோது பத்தையும் சரிபார்க்க வேண்டும். சரிபார்க்க முடிந்தவருக்குக் கருவியே தேவையில்லை. முடியாதவருக்கு ஒன்பது நல்ல பதில்களும் கெட்டுப்போன மாதிரிதான். மாறாக, படம் வராதபோது வரவில்லை என்றும், மங்கலானபோது மங்கல் என்றும் சொல்லும் கருவி, மற்ற நேரத்தில் சொல்வதற்கும் மதிப்பைச் சேர்க்கிறது.

நேர்மையான பதில் எப்படி இருக்கும்?

வெறுமனே 'என்னால் உதவ முடியாது' என்று கையை விரிப்பது நேர்மையான பதில் அல்ல. அந்த இளைஞருக்குக் கிடைத்திருக்க வேண்டிய பதில் இதுதான்: படம் எதுவும் வந்து சேரவில்லை, எழுத்து மட்டும்தான் கிடைத்தது, மறுபடி அனுப்புங்கள், முடியாவிட்டால் ஹெச்பிஏ1சி, வெறும் வயிற்றுச் சர்க்கரை, கிரியேட்டினின் என்ற மூன்று வரிகளை டைப் செய்யுங்கள். இரண்டு நிமிடம் தாமதம். அவ்வளவுதான் இழப்பு.

படம் வந்தும் பாதிதான் தெரிகிறது என்றால், பதிலும் பாதியாகத்தான் இருக்க வேண்டும். மேல் பகுதி படிக்க முடிகிறது, கீழே மடிப்பு விழுந்த இடத்தில் இருக்கும் எண் 1.1-ஆ 1.7-ஆ என்று தெரியவில்லை என்று சொல்லலாம். கிரியேட்டினினில் அந்த வித்தியாசம் சிறுநீரகத்தைப் பற்றிய வித்தியாசம். பார்வையற்றவர்கள் தாங்களே எடுத்த படங்களையும் கேட்ட கேள்விகளையும் திரட்டிய 'விஸ்விஸ்' என்ற தொகுப்பு 2018-ல் வெளியானது. மொத்தம் 31,000-க்கும் மேற்பட்ட கேள்விகள். அவற்றில் கால் பங்குக்கும் மேலானவற்றுக்கு அந்தப் படத்தை வைத்து விடை சொல்லவே முடியாது. ஃபோகஸ் இல்லை, விரல் மறைக்கிறது, லேபிள் பின்பக்கம் இருக்கிறது. நிஜ வாழ்க்கையில் 'தெரியவில்லை' என்பது அபூர்வமான விடை அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. புளுகைக் குறைக்கப்போய், நன்றாகத் தெரியும் படத்துக்கும் 'என்னால் படங்களைப் பார்க்க முடியாது' என்று தட்டிக்கழிக்கும் மாடல்களும் இருக்கின்றன. அதுவும் பொய்தான், அடக்கமான பொய். படம் வந்ததா இல்லையா என்ற முதல் கேள்விக்கு மாடலை நம்பியே இருக்க வேண்டியதும் இல்லை. ஃபைல் வந்து சேர்ந்ததா என்பது செயலிக்குத் தெரியும். படம் இல்லாமல் கேள்வி போனால் அங்கேயே தடுத்து எச்சரிக்கலாம். அது சாதாரண சாஃப்ட்வேர் வேலை.

நீங்களே சோதித்துப் பார்க்க...

நீங்கள் பயன்படுத்தும் செயலியில் ஒரு புதிய உரையாடலைத் தொடங்குங்கள். எதையும் இணைக்காமல், 'இந்த பில்லில் மொத்தம் எவ்வளவு?' என்று மட்டும் கேளுங்கள். தொகை ஏதாவது வந்தால் விஷயம் புரிந்துவிடும். பெரும்பாலான புதிய மாடல்கள் இதில் தப்பிவிடும். அடுத்து உண்மையான பில் ஒன்றை இணைத்து, அதில் இல்லாத பொருளின் விலையைக் கேளுங்கள். பல மாடல்கள் தடுமாறுவது இங்கேதான். நீண்ட உரையாடலில் முன்பு அனுப்பிய படத்தைப் பற்றி வெகுநேரம் கழித்துக் கேட்பதும் ஆபத்தான இடம். சில செயலிகளில் பழைய படம் அதற்குள் வரிசையிலிருந்து வெளியே போயிருக்கும், முன்பு பேசிய எழுத்து மட்டும் மிச்சமிருக்கும்.

ரிப்போர்ட் மாதிரி விஷயமென்றால், எண்களைக் கேட்பதற்கு முன் உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றை முதலில் கேளுங்கள். காகிதத்தின் மேலே இருக்கும் லேபின் பெயர், ரத்தம் எடுத்த நேரம், கடைசி வரியில் என்ன இருக்கிறது என்று. 58 வயது சர்க்கரை நோயாளிக்கு வழக்கமாக என்ன இருக்கும் என்பதை வைத்து லேபின் பெயரை ஊகிக்க முடியாது. அது தப்பாக வந்தால் கீழே இருக்கும் 7.8-ஐப் படிக்கவே வேண்டாம். தங்கைக்கு போன் போட்டு அந்த ஒரு வரியை வாசிக்கச் சொல்லிவிடலாம்.